கூரை பறந்த வீட்டுக்கு மனு எழுதாதீர்கள்



"இன்சூரன்ஸ்காரன் எல்லாம் கள்ளன். கட்டும்போது வீடு தேடி வருவான், கேட்கும்போது சட்டம் பேசுவான்." கடந்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு ராத்தாவின் கூரை விசயம்தான் கதை. நானும் நின்று கேட்டேன். கம்பனி நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ராத்தாவின் முதல் கடிதத்தைக் கையில் எடுத்து வாசித்தவன் என்ற வகையில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கடிதத்துக்கு நான் கம்பனியில் இருந்தாலும் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

கோபம் வந்தால் வரட்டும். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நடந்தது இதுதான். நவம்பர் 14 ஆம் திகதி, மஃரிபுக்குப் பிறகு வாவிப் பக்கத்தால் ஒரு காற்று வந்தது. இந்தப் பருவத்தில் பின்னேரம் இடியோடு வரும் காற்று நமக்குப் புதிதல்ல. பத்து நிமிசம் அடித்து ஓய்ந்தது. பத்திரிகை இதை "மினி சூறாவளி" என்று எழுதும், சிலவேளை எழுதாமலும் விடும். ராத்தாவின் வீட்டில் 14 அஸ்பெஸ்டஸ் சீற் போயிற்று, முகடு போயிற்று, இரண்டு அறையின் சீலிங் ஊறி விழுந்தது. அவ தைத்துப் பிழைக்கிறவ. இரண்டு தையல் மெசினும் பெருநாளைக்கு வாங்கி வைத்த துணியும் நனைந்தன. வீடு கட்ட வங்கியில் கடன் எடுத்திருந்ததால், வங்கி சொல்லி எடுத்த ஒரு பொலிசி இருந்தது.

தம்பிக்காரர் ஒரு கடிதம் எழுதுவித்தார். அரைப் பக்கம். "கனம் ஐயா அவர்களுக்கு, நான் கணவனை இழந்து பிள்ளைகளுடன் மிகவும் கஷ்டத்தின் மத்தியில் வாழ்ந்து வருகிறேன். அண்மையில் ஏற்பட்ட இயற்கை அனர்த்தத்தினால் எனது வீடு முற்றாகச் சேதமடைந்துள்ளது. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து எனக்கு 8 இலட்சம் ரூபாவைப் பெற்றுத்தருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் திகதி இல்லை. காற்று என்ற சொல்லே இல்லை. கூரை என்ற சொல்லும் இல்லை. பொலிசி இலக்கம் இல்லை. வீடு முற்றாகச் சேதம் என்றது பொய், சுவர் நாலும் அப்படியே நிற்கிறது. கருணை மட்டும் தாராளமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எழுதியவரில் நான் குற்றம் காணமாட்டேன். அவருக்கு இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது நாங்கள். சாதாரண தரத்துப் பிள்ளைக்குக் கடிதம் என்றால் "தாழ்மையுடன்" இல்லாமல் முடியாது என்று இருபது வருசமாகக் கரும்பலகையில் எழுதியவன் நான். அதோடு நமது ஊர்களின் அனுபவமும் சேர்ந்தது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் தொடங்கி, 2004 டிசம்பர் 26 சுனாமி வரைக்கும், பிறகு ஒவ்வொரு மாரி வெள்ளத்துக்கும், நாம் எழுதியதெல்லாம் நிவாரணக் கடிதம். நிவாரணம் கேட்கிறவன் தன் கஷ்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். கிராம உத்தியோகத்தர் வீட்டு நிலையைப் பார்ப்பார், பிரதேச செயலகம் பட்டியல் போடும், கொடுப்பது அரசின் பொறுப்பு.

காப்புறுதி அதுவல்ல. ராத்தா மாதாமாதம் காசு கட்டியிருக்கிறா. அது ஒரு உடன்படிக்கை. இன்ன காரணத்தால் இன்ன பொருளுக்குச் சேதம் வந்தால் இவ்வளவு தருவேன் என்று மற்றப் பக்கம் கையெழுத்து வைத்திருக்கிறது. அவ விதவையா பணக்காரியா என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. கேள்வி மூன்றுதான். காரணம் பொலிசியில் இருக்கிறதா? சேதம் அந்தக் காரணத்தால்தான் வந்ததா? திருத்த எவ்வளவு? கடிதம் இந்த மூன்றுக்கும் சாட்சி சொல்ல வேண்டும். மனுவில் சாட்சி இருக்காது.

படங்களின் கதை இன்னும் மோசம். தம்பிக்காரர் 23 போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றில் பிள்ளைகள் வாசலில் சோகமாக நிற்கிறார்கள். ஒன்றில் அடுத்த தெருவில் விழுந்த மரம். இன்னொன்று யாரோ ஒருவரின் வீட்டுக் கூரை, குழுவில் வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். மீதியில் அறை இருக்கிறது, ஆனால் கூட்டிக் கழுவித் துடைத்த அறை. உடைந்த சீற் எல்லாம் அதற்குள் வளவின் மூலையில் குவியல். எந்தப் படத்தையும் பார்த்து எந்தப் பக்கக் கூரை போனது என்று சொல்ல முடியாது.

நமது பெண்களின் சுத்தம் எனக்குத் தெரியும். விருந்தாளி வரும்போது வீடு அலங்கோலமாகக் கிடந்தால் மானம் போகும். ஆனால் இந்த ஒரு நாள் மட்டும், விளக்குமாற்றைத் தொடமுதல் போனை எடுங்கள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு பக்கம். சேதம் "நீண்டகாலத் தேய்மானத்தினால்" ஏற்பட்டதாகத் தெரிகிறது, புயற்காற்றினால் ஏற்பட்டதென்பதற்கு இணைத்த படங்களில் ஆதாரம் இல்லை, ஆகவே ஏற்க முடியாது.

இந்த இடத்தில்தான் கம்பனியில் எனக்குக் கோபம். ஆளனுப்பிக் கூரையில் ஏறிப் பார்க்காமல், 23 படத்தை வைத்துத் தேய்மானம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். தேய்மானம் என்பது எல்லாப் பழைய வீட்டுக்கும் பொருந்தும் ஒரு வசனம். அதை யாருக்கும் எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கதவைத் திறந்து விட்டது நமது கடிதம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

அந்தப் பதிலோடுதான் ராத்தா என் வீட்டுக்கு வந்தா. "சேர், இனி விட்டுடுவமா?" என்று கேட்டா. உடைந்த சீற் என்ன செய்தீங்க என்று கேட்டேன். குவியல் அப்படியே கிடக்குது என்றா. அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குவியல்தான் அவவைக் காப்பாற்றியது.

ஏன் என்று சொல்கிறேன். காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை, மேலே இழுக்கிறது. கூரைக்கு மேலால் வேகமாகப் போகும்போது முகட்டிலும் ஓரத்திலும் உறிஞ்சும், அதே நேரம் தாழ்வாரத்தின் கீழாலும் திறந்த கதவாலும் உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளும். அதனால் முதலில் போவது ஓரத்துச் சீற்றும் முகடும். பிடித்திருந்த கொக்கி ஆணி வளைந்து நிமிரும், அல்லது ஆணித் துளையைச் சுற்றிச் சீற் பிய்ந்து போகும். துண்டுகள் காற்றுப் போன பக்கம் தூரத்தில் விழும். பழசாகி உடைந்த சீற் அப்படியில்லை. அது இருந்த இடத்திலேயே நீளவாக்கில் வெடிக்கும், வெடிப்புக்குள் கறுப்பும் பாசியும் இருக்கும். புதிதாக உடைந்த விளிம்பு வெளிறிய சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். சீலிங்கிலும் இப்படித்தான். பழைய ஒழுக்கு பழுப்பு நிற வளையம் வளையமாகக் கறை வைக்கும். ஒரே இரவில் வந்த தண்ணீர் பலகையை ஊறவைத்துத் தொங்கவிடும், வளையம் வைக்க அதற்கு நேரம் இருக்காது.

மதிப்பீட்டாளர் பார்ப்பது இவற்றைத்தான். அவர் பார்க்க வேண்டியதை நாமே முதலில் படமெடுத்துக் காட்டினால், தேய்மானம் என்று எழுதக் கை தயங்கும்.

ஒரு மாதம் கழித்து, நானும் அவவின் மூத்த மகனும் ஒரு முழுப் பின்னேரம் இருந்து படமெடுத்தோம். முதலில் ரோட்டிலிருந்து, கதவு இலக்கம் தெரிய முழு வீடு. பிறகு வளவின் நாலு மூலையிலிருந்தும் கூரை. பிறகு பறந்த இடம் கிட்ட, கைமரமும் சிலாகையும் தெரிய. பிறகு நிமிர்ந்த கொக்கி ஆணி, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து. பிய்ந்த துளை. உடைந்த விளிம்பு. உள்ளே நின்று ஓட்டை வழியாக வானம், அதே ஓட்டைக்கு நேர்கீழே சீலிங். காற்றடித்த மறுநாள் காலையில், ஒன்றையும் எடுக்கமுதல், பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட்டாக எடுத்த இரண்டு படமும் கிடைத்தன. வேலிக்கு அந்தப்பக்கம் துண்டுகள் கிடக்கின்றன. அவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கவில்லை. அப்படி வந்தால் படம் சுருங்கும், எடுத்த நாளும் நேரமும் போய்விடும். அந்தப் பிள்ளையின் போனிலிருந்து மூலப்படத்தையே எடுத்தோம். மொத்தம் ஒன்பது படம். கடையில் அச்செடுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் இலக்கமும் திகதியும் எழுதினோம். கறைபடிந்த பழைய மூலையையும் ஒரு படத்தில் விட்டோம். ஏன் என்று கடிதத்தைப் பார்த்தால் விளங்கும்.

ராத்தாவின் அனுமதியோடு அந்தக் கடிதத்தை இங்கே போடுகிறேன்.

"பொலிசி இலக்கம் மேலே தரப்பட்டுள்ளது. எனது கோரிக்கையை நிராகரித்த உங்கள் கடிதம் தொடர்பானது இது.

நவம்பர் 14 ஆம் திகதி மாலை சுமார் 6.40 மணிக்கு மேற்கே வாவிப் பக்கத்திலிருந்து வீசிய புயற்காற்றினால் எனது வீட்டுக் கூரையின் மேற்குப் பக்க ஓரத்திலிருந்து 14 அஸ்பெஸ்டஸ் சீற்றுகளும் முகட்டின் ஒரு பகுதியும் பெயர்ந்தன (படம் 2, 3). மறுநாள் காலை எடுத்த படங்களில் துண்டுகள் கிழக்கு வேலிக்கு அப்பால் கிடப்பதைக் காணலாம் (படம் 4, 5). கொக்கி ஆணிகள் நிமிர்ந்துள்ளன, ஆணித் துளைகள் பிய்ந்துள்ளன (படம் 6). உடைந்த விளிம்புகள் புதியவை (படம் 7). இவ்வாறு திறந்த கூரை வழியாக அதே இரவு பெய்த மழை உட்புகுந்து இரண்டு அறைகளின் சீலிங் வீழ்ந்தது (படம் 8).

சமையலறை மூலையில் காணப்படும் கறை முன்னைய ஒழுக்கினால் ஏற்பட்டது (படம் 9). அதற்கு நான் எதுவும் கோரவில்லை.

மேலும் சேதம் ஏற்படாதிருக்க 15 ஆம் திகதி தறப்பாள் இட்டு மூடினேன். பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. உடைந்த சீற்றுகள் அனைத்தும் வளவில் வைக்கப்பட்டுள்ளன. திருத்த வேலைக்கான மதிப்பீடு 240,000 ரூபா, பொருள் வேறாகவும் கூலி வேறாகவும் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் மதிப்பீட்டாளரை நேரில் அனுப்பிப் பார்வையிடுமாறும், மீண்டும் நிராகரிப்பதாயின் பொலிசியின் எந்த வாசகத்தின்படி என்பதை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்து ராத்தாவுடையது. இது சின்ன விசயமல்ல. நமது பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், உறுதியும் அவள் பெயரில்தான். ஆனால் கடிதம் என்று வந்தால் மாப்பிள்ளையோ காக்காவோ தம்பியோ தன் பெயரில் எழுதி அனுப்பிவிடுவார். பொலிசியில் இல்லாத ஆள் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு "நீங்கள் யார்?" என்று கேட்பதிலேயே ஒரு மாதம் போகும். முதல் கடிதத்தில் பேசுவது ராத்தா, கீழே கையெழுத்து தம்பி. கடன் இருக்கிற வீடென்றால் வங்கிக்கும் ஒரு பிரதி போக வேண்டும், அந்தச் சொத்தில் அதற்கும் உரிமை இருக்கிறது.

"முதலில் காற்று, பிறகு ஓட்டை, பிறகு மழை" என்ற ஒழுங்கைக் கவனியுங்கள். பெரும்பாலான பொலிசியில் மழைத் தண்ணீர் தனியே வந்தால் ஒன்றும் கிடையாது. காற்று ஒரு வாய் திறந்து, அதன் வழியாக வந்தால்தான் கணக்கு. "மழையினால் சீலிங் விழுந்தது" என்று எழுதினால் உங்கள் கையாலேயே கோரிக்கையை மூடுகிறீர்கள். இன்னொன்றும் பாருங்கள். சாதாரண தீப் பொலிசியில் தீயும் மின்னலும்தான் அடிப்படை. சூறாவளி, புயல், வெள்ளம் மேலதிகமாகச் சேர்ப்பது. ராத்தாவின் பொலிசியில் சேர்த்திருந்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

இனி, எட்டு இலட்சம். "கூட்டிக் கேட்டாத்தான் பாதியாவது வரும்" என்ற ஆலோசனையை யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். ஹராம் ஹலால் பேசி இன்சூரன்ஸ் வேண்டாம், தகாபுல்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடுகிறவரும், கோரிக்கை எழுதும்போது அடுத்தவன் வீட்டுப் படத்தை நுழைக்கச் சொல்கிறார். இது என்ன மார்க்கம்? மார்க்கத்தை விடுங்கள், இது புத்தியுமல்ல. கோரிக்கையில் ஒரு பகுதி மோசடி என்று காட்டினால் முழுக் கோரிக்கையையும் இழக்க வைக்கும் வாசகம் இந்தப் பொலிசிகளில் வழக்கமாகவே இருக்கும். உண்மையாகப் பறந்த 14 சீற்றும் அந்த ஒரு பொய்ப் படத்தோடு போய்விடும். அதனால்தான் பழைய கறையை நாமே காட்டி, இதற்குக் கேட்கவில்லை என்று எழுதினோம். மறைக்காத ஆளின் மற்றப் படங்களை நம்பலாம் என்று பார்ப்பவர் நினைப்பார்.

மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல மனிதர், ஏணி கேட்டார், கூரையில் ஏறினார். குவியலில் நாலு துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

கடைசியில் வந்தது 108,000 ரூபா. இதைக் கேட்டுத்தான் ஜும்ஆ வாசலில் கள்ளன் என்றார்கள். கணக்கைக் கேளுங்கள். 240,000 மதிப்பீட்டில் பழைய சீற்றுக்குப் புதுச் சீற் போடுவதற்காக 40,000 கழித்தார்கள். மீதி 200,000. ஆனால் வீட்டைத் திரும்பக் கட்ட 50 இலட்சம் வேண்டும், பொலிசி இருப்பதோ 30 இலட்சத்துக்கு, வங்கிக் கடன் அவ்வளவு என்பதால். ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் காப்புறுதி என்றால் எந்தச் சிறு சேதத்திலும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவார்கள். அது 120,000. அதில் நூற்றுக்குப் பத்து நாமே தாங்க வேண்டும் என்று பொலிசியில் இருக்கிறது, 12,000. மிச்சம் 108,000. மெசினுக்கும் துணிக்கும் ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் பொலிசி கட்டிடத்துக்கு மட்டும். கையெழுத்து வைத்த நாளில் இதை அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கள்ளத்தனம் என்று எதையாவது சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கொடுத்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து" என்று விரல் வைத்துக் காட்டுகிற அந்த வழக்கத்தைச் சொல்லுங்கள். தமிழில் விளக்கித் தராத பொலிசியில் கையெழுத்து வைக்காமல் எழும்பி வருவதற்கு நமக்கும் ஒரு துணிவு வேண்டும்.

மறுபடி நிராகரித்திருந்தால் என்ன செய்திருப்போம்? கம்பனியின் இறுதி முடிவை எழுத்தில் வாங்கி, காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதியிருப்போம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது கம்பனிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியை. "கருணை கூர்ந்து" என்ற அந்த அரைப் பக்கத்தை அங்கே கொண்டுபோய் நீட்டிப் பாருங்கள்.

ஒரு விசயத்தில் எங்கள் இரண்டாவது கடிதமும் பலவீனம்தான். டிட்வா போல நாடே அறிந்த புயலென்றால் காற்றடித்ததை நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு தெருவில் பத்து நிமிசம் அடித்த காற்று மட்டக்களப்பு வானிலை நிலையத்தின் கருவியில் பதியாமலே போகலாம். அதற்கு நாம் கொடுத்தது கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும், அதே இரவில் மரம் விழுந்த இரண்டு அயல்வீட்டாரின் கையெழுத்திட்ட வாக்குமூலமும். மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் ஏற்காமல் விட்டிருக்கவும் கூடும். முதல் வாரத்திலேயே வாங்கியிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும். சேதத்தை அறிவிக்கப் பொலிசியில் நாள் கணக்கு உண்டு. ராத்தாவின் அந்த மோசமான முதல் கடிதம் செய்த ஒரே நல்ல காரியம், அந்த நாளுக்குள் போய்ச் சேர்ந்தது.

என் வகுப்பில் இந்தத் தவணை கடிதப் பாடத்துக்கு இரண்டு கடிதத்தையும் பெயர் மறைத்துக் கொடுத்தேன். எது நல்ல கடிதம் என்று கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்திநாலு பேர் முதலாவதைச் சொன்னார்கள். "அதுலதான் சேர் மரியாதை இருக்கு" என்றாள் ஒரு பிள்ளை.

மாரி இன்னும் முடியவில்லை. கூரை சேதப்பட்டவர்கள் இருந்தால், உடைந்த சீற்றைக் குப்பை வண்டிக்குப் போடாமல் நனைத்து மூடி வையுங்கள், தூள் பறக்க விடாதீர்கள், பிள்ளைகளை அண்டவிட வேண்டாம். சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். வரும்போது பொலிசியையும், படம் எடுத்த போனையும் கொண்டு வாருங்கள். யார் பெயரில் பொலிசி இருக்கிறதோ அவரும் வரவேண்டும்.